தலைப்பு எப்போ கண்ணில் படுது?

யூடியூபோட முதல் வீடியோவை நேத்து மறுபடி பார்த்தேன். 2005 ஏப்ரல் 23-ல ஏத்தினது, 19 நொடி. தலைப்பு "Me at the zoo". உள்ளே இருக்கிறதை அப்படியே சொல்ற வெறும் லேபிள்.

பிறகு நீள வீடியோக்கள் பெருகின. வரிசையா நிக்கிற பத்துல ஒண்ணை, தம்ப்நெயிலையும் தலைப்பையும் பார்த்துதான் அழுத்துறோம். அதனால தலைப்பு பாதியைச் சொல்லி, மீதியை மறைக்கப் பழகிடுச்சு.

லைவ்ல அது எடுபடாது. 2023 ஆகஸ்ட் 23-ல சந்திரயான்-3 நிலவுல இறங்கினப்போ, இஸ்ரோ லைவை ஒரே நேரத்துல 80 லட்சம் பேருக்கு மேல பார்த்தாங்க. அந்தத் தலைப்பு திட்டத்தோட பேரையும், தரையிறக்கம்ங்கிறதையும், "LIVE"-ங்கிறதையும் நேரடியா சொன்னது. நடுவுல நுழையறவங்களுக்கு சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கோம்னு உடனே தெரியணுமே! ஆனா, மாத்தாம விட்டா அந்த "LIVE" மறுநாளே பழைய போஸ்டர். முடிஞ்சதும் அதை எடுத்துட்டு தேதி போட்டாதான் பின்னாடி தேடுறவங்களுக்கு உதவும்.

ஷார்ட்ஸ் 2020 செப்டம்பர்ல, முதல்ல இந்தியாவுலதான் சோதனைக்கு வந்தது. விரலைத் தள்ளினதும் வீடியோ ஓடிடும். தலைப்பு கீழே ஓரமா, அப்புறம்தான் கண்ணில் படும். ஆளை நிறுத்துற வேலை முதல் நொடிக் காட்சிக்குப் போயிடுச்சு. தலைப்புல மர்மம் வெச்சா அங்க வீண். என்ன வீடியோன்னு சொன்னா தேடும்போதாவது கிடைக்கும். அந்த 19 நொடி வீடியோவோட லேபிளுக்கே திரும்பிட்டோம்.