இறைப்பதிவேடு வகுத்த எல்லை
புதுச்சேரி நிலத்துணுக்குகளின் வரலாறு

காங்கேசன்துறையிலிருந்து 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பலில் ஏறி நாகபட்டினத்தில் இறங்கும் ஒருவர், அங்கிருந்து கடற்கரை வீதி வழியாக வடக்கு நோக்கிச் செல்வாராயின், நாகூரைக் கடந்த சிறிது நேரத்தில் தமிழ்நாட்டின் எல்லையையும் கடந்துவிடுவார். அப்பால் உள்ளது காரைக்கால். காரைக்காலம்மையார் பிறந்த ஊர். அது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது. வடக்கே மேலும் சில மைல் சென்றால் மீண்டும் தமிழ்நாடு வந்துவிடும். இரு புறத்தும் ஒரே வயல், ஒரே மொழி, ஒரே காவிரி நீர். மலையோ பேராறோ குறுக்கிடாத இந்தச் சமவெளியில் எல்லை மட்டும் எங்ஙனம் வந்தது என்பது வினா.

புதுச்சேரி நகரைச் சூழ்ந்த நிலத்தின் படத்தை நோக்கினால் இவ்வினா இன்னும் கூர்மை பெறும். ஏறக்குறைய 290 சதுர கிலோமீற்றர் பரப்புடைய அந்நிலம் ஒன்றாகத் தொடர்ந்து கிடக்கவில்லை. அது ஏறக்குறைய 12 துண்டுகளாகச் சிதறித் தமிழ்நாட்டின் ஊர்களிடையே கிடக்கின்றது. நெட்டப்பாக்கம் போன்ற பகுதிகளுக்கு நகரிலிருந்து செல்வோர் தமிழ்நாட்டு நிலத்தை மிதித்தே செல்லுதல் வேண்டும். இவ்வாறு வேற்றாட்சி நிலத்தால் முற்றும் சூழப்பட்ட பகுதியைச் சூழ்நிலம் எனலாம். தன் தலைநிலத்தோடு தொடர்பற்றுப் பிரிந்து கிடப்பதைப் பிரிநிலம் எனலாம். நெட்டப்பாக்கம் இரண்டுமாம். காரைக்கால் பிரிநிலமேயன்றிச் சூழ்நிலமன்று. அதன் கிழக்கெல்லை கடலாதலின், பிறர் நிலத்தை மிதியாது கப்பலில் அதனை அடையலாம். இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும், 1954ஆம் ஆண்டில் அதன் பயன் வெளிப்பட்டது.

பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கம்பனியார் பெற்றது ஒரு நாடன்று. வாணிகம் செய்தற்குரிய ஓர் இடமே. பிஜப்பூர் அரசின் கீழ் அப்பகுதியை ஆண்ட சேர்கான் லோடியிடமிருந்து கிடைத்த புதுச்சேரியில் 1674ஆம் ஆண்டு பிரான்சுவா மார்த்தேன் குடியேற்றத்தைத் தொடங்கினார். காரைக்காலோ தஞ்சை அரசுரிமைப் போட்டியின் விளைவாக வந்தது. சாகுஜி என்னும் மராட்டிய மன்னர் உதவி வேண்டி 1738இல் அதனைத் தருவதாக உடன்பட்டார். பின்னர் அவர் தயங்கினார். எனினும் 1739இல் அது பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. பின்வந்த பிரதாபசிங் காலத்தில் மேலும் பல ஊர்கள் அதனோடு சேர்ந்தன.

இங்கே ஒன்றனைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். அக்காலத்து மன்னரும் நவாப்பும் நிலம் வழங்கியபோது, படத்தில் கோடு கிழித்து வழங்கினாரல்லர். இன்ன இன்ன ஊர்களின் இறையைத் தண்டும் உரிமையைப் பெயர் குறித்து வழங்கினர். ஒரு பற்றின் பதிவேட்டில் உள்ள ஊர்கள் யாவும் அடுத்தடுத்து இருத்தல் வேண்டும் என்னும் நியதியும் இல்லை. இடையிலுள்ள ஓர் ஊர் வேறொருவருக்கு மானியமாக விடப்பட்டிருக்கலாம். மற்றோர் ஊர் அயற்பற்றின் கணக்கிற் சேர்ந்திருக்கலாம். இறை தண்டுவோனுக்கு அதனால் இடையூறில்லை. அவன் வேண்டுவது ஊரின் பெயரும் அதன் விளைவும் மட்டுமே. எல்லா ஊரும் இறுதியில் ஒரே பேரரசின் கீழ் உள்ளனவாகக் கருதப்பட்ட வரையில், இச்சிதறல் கணக்கெழுதுவோனின் கவலையாக மட்டும் இருந்தது. ஊரின் இறையை உடையவனே ஊரின் அரசனுமாவான் என்னும் ஐரோப்பியக் கொள்கை அதன்மேல் வந்து படிந்தபோது, கணக்கேட்டின் வரிகள் நாட்டெல்லைகளாயின.

இம்மாற்றம் நிகழ்ந்த படிகளை இரண்டு உடன்படிக்கைகள் காட்டுகின்றன. 1749ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஆம்பூர்ப் போரில் ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் வீழ்ந்தார். அவரை வென்ற சந்தா சாகிப்பும் முசபர் சங்கும், துணைநின்ற ஆளுநர் துய்ப்ளேக்கு நன்றிக்கடனாகப் புதுச்சேரியைச் சூழ்ந்த ஊர்களை வழங்கினர். ஆயின் 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றி நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். 1763ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கை நகரைத் திருப்பித் தந்தபோது ஓர் ஆண்டெல்லையையும் வகுத்தது. 1749ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரான்சிடம் இருந்தவை மட்டுமே மீளும். அதன் பின் பெற்றவை யாவும் கைவிடப்படும் என்பது அதன் விதி. ஆகவே ஓர் ஊர் எவருடையது என்பதை அவ்வூர் இருக்கும் இடம் தீர்மானிக்கவில்லை. அதற்குரிய ஓலை எழுதப்பட்ட நாளே தீர்மானித்தது.

இருபது ஆண்டின் பின்னர், அமெரிக்க விடுதலைப் போரை முடித்த 1783ஆம் ஆண்டு வெர்சேல் உடன்படிக்கையில் மற்றொரு படி அமைந்தது. புதுச்சேரிக்குச் சார்பாக வில்லியனூர், பாகூர் என்னும் இரண்டு பற்றுகளையும், காரைக்காலுக்குச் சார்பாக அதனை அடுத்த நான்கு ‘மாகன்’களையும் பெற்றுத்தர ஆங்கில அரசர் உடன்பட்டார். மாகன் என்பது தஞ்சை நாட்டின் இறைப்பிரிவாகிய மாகாணம் என்னும் சொல்லின் திரிபே. ஐரோப்பிய அரசர் இருவர் செய்துகொண்ட உடன்படிக்கையில் தமிழ்நாட்டுக் கணக்கனின் சொல் அவ்வாறே ஏறிவிட்டது. அப்பற்றுகளின் எல்லை யாது எனக் கூறுவதற்கு, பேசியவர்களிடம் கணக்கேட்டையன்றி வேறு சான்றில்லை. ஏட்டில் ஊர்கள் சிதறியிருந்தவாறே நிலத்திலும் பிரெஞ்சு ஆட்சி சிதறியது.

பிரெஞ்சுப் புரட்சிக்காலப் போர்களில் ஆங்கிலேயர் இவற்றை 1793இல் மீண்டும் கைப்பற்றி, 1816-17இல் திருப்பித் தந்தனர். இம்முறை ஒரு நிபந்தனை இருந்தது. பிரெஞ்சுக்காரர் அரண் எதுவும் எழுப்புதல் கூடாது. உள்நாட்டு ஒழுங்கைக் காக்கத் தேவையான படையை மட்டுமே வைத்திருக்கலாம். துண்டு துண்டாகவும் படையின்றியும் கிடந்த அயலவரால் ஆங்கிலேயருக்கு அச்சமில்லை. அதனாலேயே அத்துண்டுகளை ஒன்றாக்கவோ மாற்றிக்கொள்ளவோ வேண்டிய நெருக்கடியும் எழவில்லை. எல்லை உறைந்து நின்றது.

இடைத்தடுப்பு நாடுகளின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1895இல் உருசியரும் ஆங்கிலேயரும் தத்தம் பேரரசுகள் ஒன்றையொன்று தொடாதிருத்தற்பொருட்டு வாக்கான் என்னும் ஒடுங்கிய மலைப்பகுதியை ஆப்கானித்தானுக்கு உரியதாக்கினர். ஓரிடத்தில் அதன் அகலம் ஏறக்குறைய 15 கிலோமீற்றரே. அவ்வடிவம் அச்சத்தால் எண்ணி வகுக்கப்பட்டது. புதுச்சேரியின் வடிவமோ அச்சமின்மையால் எண்ணாது விடப்பட்டது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் இறைக்கணக்கு ஊர்வாரியாகவும் கோயிற்பற்று வாரியாகவும் எழுதப்பட்டது. தெல்லிப்பழையும் அத்தகைய கோயிற்பற்றுகளுள் ஒன்று. ஒல்லாந்தர் எழுதிய தோம்பு இதற்குச் சான்று. ஆயினும் இங்கே சூழ்நிலம் எதுவும் தோன்றவில்லை. 1619இல் போர்த்துக்கேயருக்கும், 1658இல் ஒல்லாந்தருக்கும், 1795இல் ஆங்கிலேயருக்கும் குடாநாடு முழுவதும் ஒருங்கே கைமாறியமையே காரணம். தோம்பின் ஒரு பக்கம் ஓர் அரசுக்கும் மறுபக்கம் மற்றோர் அரசுக்கும் சென்றிருப்பின், இங்கும் படம் வேறாக இருந்திருக்கும். ஊர்வாரிப் பதிவேடு மட்டும் எல்லையை ஆக்குவதில்லை. அதனை இரண்டு அரசுகள் பங்கிட்டுக்கொள்ளுதலும் வேண்டும்.

1947இல் இந்தியா விடுதலை பெற்றபின் இவ்வெல்லை மக்களை நேரே தாக்கியது. இரு ஆட்சிகளுக்கும் இடையிலிருந்த சுங்க உடன்பாடு 1949இல் முடிவுற்றது. அதன்பின் வயலுக்கும் வீட்டுக்கும் இடையே சுங்கச்சாவடி நின்றது, கள்ளக்கடத்தலும் பெருகியது. 1954ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், பிரெஞ்சிந்தியாவின் செல்வாக்கு மிக்க தலைவரான எதுவார் குபேர் இந்தியாவின் பக்கம் சேர்ந்து, நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியை ஏற்றித் தற்காலிக அரசொன்றை அமைத்தார். அவர் தலைநகரை விட்டு அச்சிற்றூரைத் தெரிந்தமைக்கு அதன் இருப்பிடமே விளக்கம். அது சூழ்நிலம், பிரெஞ்சுக் காவற்படை அங்கே செல்வதாயின் இந்திய நிலத்தைக் கடத்தல் வேண்டும், இந்தியா அதற்கு இசையாது. ஒரு துப்பாக்கியும் வெடியாமல் அரசின் கை அங்கே எட்டாது போயிற்று. அவ்வாண்டு யூனில் யானமும், யூலையில் மாகியும் பிரெஞ்சு ஆட்சியினின்று நீங்கின.

இதே ஆண்டில் மேற்குக் கரையில் போர்த்துக்கேயருக்கும் இந்நிலையே நேர்ந்தது. தாத்ரா, நகர் அவேலி என்னும் சூழ்நிலங்களை அவர்கள் இழந்தனர். அவற்றுக்குப் படை அனுப்ப இந்தியா வழிவிடவில்லை. போர்த்துக்கல் அனைத்துலக நீதிமன்றத்தை நாடியது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 12இல் தீர்ப்பு வந்தது. தனியார்க்கும் குடிசார் அலுவலர்க்கும் பொருள்களுக்கும் வழியுரிமை வழக்காற்றால் உண்டு. படைக்கும் ஆயுதம் தாங்கிய காவலர்க்கும் இல்லை. இந்தியா கடமை தவறவில்லை என்று நீதிமன்றம் கூறியது. அந்நிலங்களின் மூலத்தையும் அது ஆராய்ந்தது. 1779ஆம் ஆண்டு உடன்படிக்கையின்வழி மராட்டியர் வழங்கியது இறை தண்டும் உரிமையே. பின்னரே அது அரசுரிமையாக ஏற்கப்பட்டது என்பது அதன் முடிவு. வில்லியனூரிலும் பாகூரிலும் காணப்பட்ட அதே வரலாறு இதுவாகும்.

புதுச்சேரியின் முடிவு அமைதியாக வந்தது. 1954 ஒக்டோபர் 18இல் கீழூர் என்னும் எல்லைக் கிராமத்தில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவோடு இணைதலை ஆதரித்தனர், எண்மர் எதிர்த்தனர். நவெம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1956இல் உடன்படிக்கை கைச்சாத்தாகி, 1962 ஓகஸ்ட் 16இல் சட்டப்படி நிறைவேறியது.

இணைந்த பின்னரும் எல்லை அழியாமைக்குக் காரணம் அவ்வுடன்படிக்கையிலேயே உள்ளது. இந்நிலங்கள் பெற்றிருந்த தனி ஆட்சிநிலை நீடிக்கும். அதனை மாற்றுவதாயின் மக்களின் விருப்பத்தை அறிந்தே மாற்றுதல் வேண்டும் என்று அது விதித்தது. 1963இல் ஒன்றியப் பிரதேச ஆட்சி அமைந்தது. 1979இல் அயல் மாநிலங்களோடு இணைக்கும் எண்ணம் வெளியானபோது மக்கள் கிளர்ந்தெழுந்தனர், எண்ணம் கைவிடப்பட்டது. கூச்பீகாரின் வரலாறு வேறு விதமாக முடிந்தது. அங்கே இந்தியாவும் வங்காளதேசமும் முறையே 111, 51 சூழ்நிலங்களை 2015இல் மாற்றிக்கொண்டன. அங்கு வாழ்ந்தோர்க்கு எந்த அரசின் பள்ளியும் மருத்துவமனையும் ஒழுங்காகக் கிட்டாதிருந்தமையால் எல்லை சுமையாயிற்று. புதுச்சேரி மக்களுக்கோ எல்லை, தமக்கென ஒரு சட்டசபையையும் வேறான வரிவிதிப்பையும் தந்தமையால், உடைமையாயிற்று.

எனினும் அவ்வுடைமைக்கும் விலை உண்டு. காரைக்கால் காவிரியின் கடைமடையில் உள்ளது. மேலுள்ள மதகுகள் யாவும் பிற மாநிலங்களின் கையில் உள்ளன. காவிரி நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கென 7 ஆயிரம் மில்லியன் கன அடி நீரை ஒதுக்கியது. 2018இல் உயர்நீதிமன்றத்துக்கும் மேலான இந்திய உச்சநீதிமன்றம் அவ்வளவை மாற்றாது விட்டது. ஒருகாலத்தில் தஞ்சை மன்னரின் ஒரே வாய்க்கால் அமைப்பிலிருந்து நீர் பெற்ற வயல்கள், இன்று நான்கு ஆட்சிகள் பங்கிடும் ஆற்றில் தனிப்பங்கு கேட்டு நிற்கின்றன. இறைக்காகப் பெயர் பெயராக எழுதிய ஊர்களின் பட்டியல், அவ்விறை மறைந்த பின்னரும், அவ்வூர் உழவர் நீரை எவரிடம் கேட்டல் வேண்டும் என்பதைத் தீர்மானித்துக்கொண்டேயிருக்கின்றது.