போட்டிப் பொருள்களின் மதிப்புரைகளும் விற்பனைப் பக்கமும்: டேபிள் டாப் கிரைண்டரை முன்வைத்து

இணையச் சந்தையில் ஒரு பொருளை வாங்க வருபவர் அதைத் தொட்டுப் பார்ப்பதில்லை. கடைக்காரரிடம் கேட்பதும் இல்லை. தலைப்பு, படங்கள், சில குறிப்பு வரிகள், விளக்கம் ஆகியவை அடங்கிய விற்பனைப் பக்கமே அவருடைய ஐயங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்த ஐயங்கள் எவை என்பதைப் புதிதாக விற்க வருபவர் ஊகிக்க வேண்டியதில்லை. அதே வகைப் பொருளைப் பிறரிடம் வாங்கிப் பயன்படுத்தியவர்கள் தங்கள் மதிப்புரைகளில் அவற்றை எழுதி வைத்திருக்கிறார்கள். 2019-இல் ஆர்ட்டெம் டிமோஷென்கோ, ஜான் ஹவுசர் இருவரும் பல், வாய்ப் பராமரிப்புப் பொருள்களைக் கொண்டு நடத்திய ஆய்வு, வாடிக்கையாளரை நேரில் பேட்டி கண்டு அறியும் தேவைகளை இத்தகைய எழுத்துகளிலிருந்தும் ஏறத்தாழ அதே அளவுக்கு அறிய முடியும் என்று காட்டியது.

இதற்கு நடைமுறையில் பரவலாகக் கையாளப்படும் வழி, அடிக்கடி வரும் சொற்களை எண்ணி, முதலிடம் பெற்றவற்றைக் குறிப்பு வரிகளில் சேர்ப்பதாகும். இந்த வழி போதாது. மதிப்புரையில் பயன்படும் செய்தி, சொல்லைவிட அந்தச் சொல் எழுந்த சூழலில்தான் இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் உருவாகி, புவிசார் குறியீடும் பெற்ற வெட் கிரைண்டரின் சிறிய வடிவமான இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் இதை விளக்க ஏற்றது.

முதல் வேலை, எந்த மதிப்புரைகளைப் படிப்பது என்று தீர்மானிப்பது. ஒரே கொள்ளளவும் ஏறத்தாழ ஒரே விலையும் உள்ள மூன்று நான்கு போட்டிப் பொருள்கள் போதும். நட்சத்திர மதிப்பீடுகள் பெரும்பாலும் இரு முனைகளில் குவிகின்றன. மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் வெறுத்தவருமே அதிகம் எழுதுகிறார்கள். ஐந்து நட்சத்திரத்தில் ‘சூப்பர்’ என்ற ஒற்றைச் சொல்லும், ஒரு நட்சத்திரத்தில் உடைந்து வந்த பெட்டியைப் பற்றிய கோபமும் நிறைந்திருக்கும். இரண்டு முதல் நான்கு நட்சத்திரம் தந்தவர்களே, எது நன்றாக இருந்தது, எது இடித்தது என்பதைப் பிரித்துச் சொல்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு பொருளிலும் அவற்றில் முப்பது நாற்பதை முழுமையாகப் படிப்பது, எல்லாவற்றையும் மேலோட்டமாகப் பார்ப்பதைவிடப் பயன் தரும். புதிய கவலை எதுவும் தட்டுப்படாத நிலை வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். படிக்கும்போது தேதியையும் வடிவத்தையும் பார்க்க வேண்டும். ஒன்றேகால் லிட்டர், இரண்டு லிட்டர் ஆகிய இரு வடிவங்களின் மதிப்புரைகளும் ஒரே பக்கத்தில் கலந்து நிற்பதுண்டு. பழைய மாடலின் குறை புதியதில் திருத்தப்பட்டிருக்கவும் கூடும்.

படித்ததை அட்டவணையில் பதியும்போது மதிப்புரையை முழுதாக எடுக்காமல், ஒரு கருத்துள்ள வாக்கியத்தை ஓர் அலகாக எடுக்க வேண்டும். ‘மாவு நல்லா வருது, ஆனா தூக்கிக் கழுவ முடியல’ என்பதில் இரண்டு பதிவுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, எழுதியவரின் சொற்கள் மாறாமல் ஒரு கட்டம், எந்தப் பாகம் பற்றியது என்று ஒரு கட்டம், எப்போது, யாருக்கு, எவ்வளவு போட்டபோது நேர்ந்தது என்று ஒரு கட்டம் வேண்டும். கடைசிக் கட்டத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கணினித் தேடலை மட்டும் நம்பினால் வேறொரு இழப்பும் உண்டு. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுபவர்கள் ஒரே சொல்லைப் பலவாறு எழுதுவதால் பல வாக்கியங்கள் வலையில் சிக்காமல் போகும்.

‘சத்தம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். எண்ணிப் பார்த்தால் அது ஒரே கவலையாகத் தெரியும். சூழலோடு படித்தால் மூன்றாகப் பிரியும். அடுக்குமாடி வீட்டில் அதிகாலையில் அரைக்கும்போது குழந்தை விழித்துக்கொள்கிறது என்பது ஒன்று. கொஞ்சமாக மாவு போட்டால் கல்லோடு கல் உரசுகிறது என்பது இன்னொன்று. வாங்கிய புதிதில் இல்லாத சத்தம் சில மாதங்களுக்குப் பின் வந்தது என்பது மூன்றாவது. முதலாவது, வாங்கும் முன்பே மனத்தில் நிற்கும் கேள்வி. அதற்கு விற்பனைப் பக்கத்தில் பதில் இருக்க வேண்டும். இரண்டாவது பயன்பாட்டு முறை சார்ந்தது. குறைந்தபட்சம் எவ்வளவு போட வேண்டும் என்ற குறிப்பு அதைத் தீர்க்கும். மூன்றாவது பெல்ட்டின் அல்லது பேரிங்கின் தேய்மானமாக இருக்கக்கூடும். அது பட்டறைக்கும் வாரண்டிக்கும் போக வேண்டிய செய்தி. மூன்றையும் சேர்த்து ‘சத்தமில்லாத கிரைண்டர்’ என்று எழுதினால் மூவருக்கும் பதில் கிடைக்காது. அந்தக் கூற்று பொய்யாகவும் ஆகிவிடும்.

கொள்ளளவு பற்றிய கவலை இன்னும் தெளிவான பாடம் தருகிறது. பெட்டியில் இரண்டு லிட்டர் என்று இருக்கிறது. அது பாத்திரத்தின் அளவு. வாங்குபவர் கேட்பதோ எத்தனை டம்ளர் அரிசி போடலாம், எத்தனை பேருக்கு இட்லி வரும் என்பது. உளுந்து அரைபடும்போது பொங்கிப் பெருகுவதால், அரிசிக்குச் சரியாக இருக்கும் அளவு உளுந்துக்கு வழிந்துவிடும். ‘ஓரத்தில் வழியுது’, ‘நடுவில் தண்ணி இறங்குது’ என்ற முறையீடுகளில் ஒரு பகுதி, அளவு மீறிப் போட்டதன் விளைவாக இருக்கலாம். எனவே ‘2 லிட்டர் கொள்ளளவு’ என்ற வரிக்குப் பக்கத்தில், ஊறவைப்பதற்கு முன் அளந்த அரிசி இத்தனை டம்ளர், உளுந்து இத்தனை டம்ளர் என்று வீட்டு அளவிலேயே தர வேண்டும். அந்த எண்ணை மதிப்புரையிலிருந்து எடுக்கக் கூடாது. தன் இயந்திரத்தில் அரைத்துப் பார்த்து, வழியாத அளவைக் கண்டுதான் எழுத வேண்டும். மதிப்புரை தருவது கேள்வியும் அதைக் கேட்கும் மொழியும். விடையைப் பொருள்தான் தர வேண்டும்.

மொழியை எடுத்துக்கொள்வதிலும் வரம்பு உண்டு. ‘டிரம்மைத் தூக்கிக் கழுவ’ என்பது பொதுவழக்கு. அதைப் பயன்படுத்தத் தடையில்லை. பிறர் எழுதிய வாக்கியத்தை அப்படியே எடுத்து ஒட்டுவது முறையல்ல. போட்டியாளரின் பெயரைத் தேடல் சொற்களில் சேர்ப்பதை அமேசான் போன்ற தளங்கள் தடை செய்துள்ளன. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்குத் தண்டம் விதிக்கிறது. 2020-இன் மின்வணிக விதிகள், விற்பவரே நுகர்வோர் போல மதிப்புரை எழுதுவதையும் விலக்குகின்றன. அப்படி எழுதப்பட்ட போலிகள் போட்டிப் பொருள்களின் பக்கங்களிலும் கலந்திருக்கலாம். ஒரே வாரத்தில் குவிந்தவை, சூழல் எதுவும் சொல்லாமல் சிறப்பம்சங்களை மட்டும் அடுக்குபவை ஆகியவற்றை ஒதுக்கிவிடுவது நல்லது. சூழலைப் பதியும் முறையில் இவை தாமாகவே வெற்றுக் கட்டங்களாக நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

அட்டவணையில் பதிந்தவற்றை எண்ணிக் கிடைக்கும் எண்ணிக்கைகளைக் கொண்டு எதைச் சொல்ல முடியாது என்பதும் முக்கியம். படித்தவற்றில் ஐந்தில் ஒருவர் நீர்க்கசிவைச் சொன்னால், ஐந்தில் ஒரு கிரைண்டர் கசிகிறது என்று பொருளாகாது. எழுதாதவர்கள் மிகப் பலர். படித்ததும் நடு நட்சத்திரங்களை மட்டுமே. அந்த எண்ணிக்கை, எந்தக் கவலைக்கு முதலில் பதில் சொல்வது என்ற வரிசைக்கு மட்டும் உதவும். பதில் வேலை செய்ததா என்பது, பக்கத்தை மாற்றிய பின் தன் பொருளுக்கு வரும் கேள்விகளிலும் திருப்பியனுப்பும் காரணங்களிலும் தெரியும். ஒரு சமயத்தில் ஒரு வரியை மட்டும் மாற்றினால்தான் எந்த மாற்றத்தால் எது குறைந்தது என்று அறிய முடியும்.

போட்டிப் பொருளில் கண்ட குறை தன் பொருளிலும் இருந்தால், அந்தப் பதிவு விற்பனைப் பக்கத்துக்கு உரியதல்ல. அதைப் பட்டறைக்கு அனுப்பிக் குறையைத் திருத்திய பிறகே, அதைப் பற்றிய வரியை எழுத வேண்டும்.