நற்சாட்சிப் பத்திரம் (வீட்டு ஊழியர்)

வேலையை விட்டு நீங்கும் வீட்டு ஊழியரின் நாணயம், நடத்தை, திறமை ஆகியவற்றைக் குறித்துப் பழைய எஜமானர் எழுதித் தரும் கடிதம். இம்முறை மிகத் தெளிவாக உருப்பெற்ற பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதற்குக் 'காரக்டர்' என்றே பெயர். குணத்தைக் குறிக்கும் சொல்லே கடிதத்தையும் குறித்ததால், கடிதம் இல்லாத பணிப்பெண் குணமற்றவளாகவே எண்ணப்பட்டாள். நல்ல வீடு எதிலும் அவளுக்கு இடமில்லை.

ஆயினும் அக்கடிதத்தைத் தருமாறு எஜமானரைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. 1800ஆம் ஆண்டில் 'காரல் எதிர் பேர்ட்' என்னும் வழக்கில் நீதிபதி கென்யன் பிரபு இதைத் திட்டமாகத் தீர்ப்பளித்தார். அதற்கு முன்பே, 1786ஆம் ஆண்டு வழக்கொன்றில், துவேஷமின்றி எழுதப்பட்ட பாதகமான சாட்சிக்காக எஜமானர்மீது அவதூறு வழக்குச் செல்லாது என்றும் முடிவாகியிருந்தது. பேசாதிருக்கவும் பாதகமாகப் பேசவும் ஒருவருக்கு உரிமை இருக்க, அவ்விரண்டின் விளைவையும் மற்றவரே சுமக்க வேண்டியிருந்தது என்பது இம்முறையின் பெருங்குறை.

பொய்ப் பத்திரங்கள் பெருகியது இந்நெருக்கடியினாலேயே என்று கொள்வது தகும். எஜமானர்போல் நடித்துச் சாட்சி சொல்வோருக்கும், ஊழியம் செய்த காலத்தையோ இடத்தையோ மாற்றி எழுதுவோருக்கும், வாங்கிய பத்திரத்தைத் திருத்துவோருக்கும் 1792ஆம் ஆண்டுச் சட்டம் 20 பவுன் அபராதம் விதித்தது. கட்டத் தவறினால் கடுங்காவல். அன்றைய பணிப்பெண் பலருக்கு அத்தொகை ஓராண்டுச் சம்பளத்துக்கும் மேற்பட்டது.

1861இல் வெளிவந்த இல்லற நிர்வாக நூலில் பீட்டன் அம்மையார், அறியாத இடத்திலிருந்து வரும் கடிதத்தை நம்பாமல், பழைய எஜமானியை நேரிற் கண்டு விசாரிப்பதே நன்று என்கிறார். மூன்றாண்டு உழைத்த ஒருத்தியின் கடிதம் அவளுடைய சுத்தத்தையும் சுறுசுறுப்பையும் புகழ்ந்து, நாணயத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று கொள்வோம். புது எஜமானி நேரிற் சென்று, அவள் நீங்கிய காரணத்தைக் கேட்பதோடு, அவ்வீட்டின் ஒழுங்கையும் அம்மையின் தோற்றத்தையும் கவனித்தால், குறை பணிப்பெண்ணிடமா, வீட்டாரிடமா என்பது ஒருவாறு விளங்கும். கடிதத்தை மட்டும் வாசிப்பவருக்கோ அம்மௌனம் திருட்டாகவே தோன்றும். எழுத மறந்ததாகவும் இருக்கக்கூடும் என்று எண்ணுவோர் சிலரே.

ஆங்கிலேயரோடு இவ்வழக்கம் சென்னை முதலிய நகரங்களுக்கும் வந்து, ஹிந்திச் 'சிட்டி'யிலிருந்து பிறந்த 'சிட்' என்னும் பெயர் பெற்றது. துரைமார் அடிக்கடி மாற்றலாகியும் தாயகம் திரும்பியும் சென்றமையால், நேரில் விசாரிக்க ஆளில்லாமல் காகிதமே சாட்சியாயிற்று. பட்லரும் ஆயாவும் அக்காகிதங்களைக் கட்டாகக் கட்டிப் பல்லாண்டு காத்தனர். இரவல் வாங்கிய கட்டுகளும் உலவின. அவர்களுட் பலர் ஆங்கிலம் வாசிக்க அறியாதவர். தம்மைப் பழித்து எழுதிய காகிதத்தையே புகழ்ச்சி என்று நம்பி, கதவுதோறும் பணிவோடு நீட்டியவர்களும் அவர்களுள் உண்டு.