வீடியோ காலில் ‘கொஞ்சம் பக்கவாட்டில் திரும்புங்க’ என்று கேட்டால் போலி முகம் ஏன் தடுமாறுகிறது?

2023 ஜூலை. கேரளாவின் கோழிக்கோட்டில், பணி ஓய்வு பெற்ற ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு தொடர்பு வந்தது. பேசியவர் பழைய சக ஊழியராகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். உறவினருக்கு அவசர ஆபரேஷன், 40,000 ரூபாய் வேண்டும் என்றார். சந்தேகம் வரக்கூடாது என்று வீடியோ காலிலும் வந்தார். திரையில் தெரிந்தது அந்த நண்பரின் முகம்தான். பணம் போனது. பிறகு மறுபடியும் பணம் கேட்டபோதுதான் சந்தேகம் வந்து, நண்பரிடம் இருந்த பழைய நம்பருக்கு அழைத்துக் கேட்டார். அப்படி ஒரு அழைப்பே தான் செய்யவில்லை என்றார் நண்பர்.

அந்த வீடியோ கால் நீடித்தது சில விநாடிகள்தான். முகம் கேமராவுக்கு நெருக்கமாக, நேராகப் பார்த்தபடி இருந்தது. மோசடி செய்கிறவருக்கு இது வசதியான கோணம். ஏன் என்று புரிந்துகொள்ள, உங்கள் போன் கேலரியை ஒரு நிமிஷம் திறந்து பாருங்கள். வாட்ஸ்அப் டிபி, லிங்க்ட்இன் படம், ஆபீஸ் ஐடி கார்டு, குரூப் செல்ஃபி, எல்லாமே நேர்முகம். அதிகபட்சம் லேசாகத் திரும்பியிருப்பீர்கள். ஒரு காது மட்டும் தெரியும்படி, முழுப் பக்கவாட்டில் எடுத்த படம் எத்தனை இருக்கிறது? பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுகூடத் தேறாது. உங்கள் முகத்தைத் திருட நினைப்பவருக்குக் கிடைப்பதும் அதே படங்கள்தான்.

நேர்முகப் படத்தில் இல்லாதது என்ன?

நேராக எடுத்த போட்டோவில் கண்களுக்கு இடையிலான தூரம் தெரியும், உதடு எவ்வளவு அகலம் என்று தெரியும். மூக்கு முகத்திலிருந்து எவ்வளவு முன்னால் நிற்கிறது, நெற்றி எப்படிச் சரிகிறது, தாடை உள்ளே போகிறதா வெளியே வருகிறதா, இதெல்லாம் நிழலை வைத்துக் கொஞ்சம் ஊகிக்கலாமே தவிர உறுதியாகத் தெரியாது. நேரில் ஒரே ஜாடையாகத் தெரியும் இரண்டு பேர் பக்கவாட்டில் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் போலீஸில் இருந்த அல்ஃபோன்ஸ் பெர்ட்டிலோன், கைதானவர்களை நேராக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாகப் படம் எடுப்பதை ஒரு முறையாக்கினார். உலகம் முழுக்கப் போலீஸ் ஸ்டேஷன்களில் இன்றும் அந்தப் பழக்கம் தொடர்கிறது. ஒரு படம் போதாது என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

சரி, முகம் மாற்றும் மென்பொருள் என்ன செய்கிறது? வீடியோவின் ஒவ்வொரு ஃபிரேமிலும் முதலில் முகத்தைக் கண்டுபிடிக்கிறது. பிறகு கண் ஓரம், மூக்கு நுனி, உதட்டு ஓரம், தாடைக் கோடு என்று புள்ளிகள் வைக்கிறது. 68 புள்ளி வைப்பது பரவலான வழக்கம். அந்தப் புள்ளிகளை வைத்து முகத்தை நிமிர்த்தி ஒரு சதுரமாக வெட்டி எடுக்கிறது. சதுரத்துக்குள் புது முகத்தை வரைந்து, ஓரங்களை மழுப்பி, பழைய இடத்திலேயே ஒட்டிவிடுகிறது. முடி, காது, கழுத்து எல்லாம் பெரும்பாலும் நடிக்கிறவருடையதாகவே இருக்கும்.

புது முகத்தை வரைய இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. முதல் வழிக்கு ஒரே ஒரு போட்டோ போதும். `inswapper_128` என்ற மாடல் இந்த வகை. போட்டோவில் இருப்பவரின் அடையாளத்தை 512 எண்களாகச் சுருக்கி, அதை வைத்து 128-க்கு 128 பிக்சல் அளவில் முகத்தை வரைகிறது. அந்த எண்கள் ‘இவர் யார்’ என்பதைச் சொல்லும்படி உருவானவை. இவருடைய மூக்கு பக்கவாட்டில் எப்படி வளைகிறது என்ற தகவல் நேர்முகப் படத்திலேயே இல்லாதபோது எண்களில் மட்டும் எங்கிருந்து வரும்? அதனால் தலை திரும்பத் திரும்ப, மாடல் வீடியோவில் இருக்கும் வடிவத்தையே அதிகம் சார்ந்துவிடுகிறது. அதாவது மோசடிக்காரரின் சொந்த மூக்கு, சொந்த தாடை.

இரண்டாவது வழியில், ஒரு குறிப்பிட்ட நபருக்காகவே நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான படங்களைக் கொடுத்து மாடலைப் பழக்குவார்கள். தரம் நன்றாக இருக்கும். ஆனால் பழக்கிய படங்கள் எல்லாம் நேர்முகம் என்றால், 80 டிகிரி திரும்பிய முகத்தை அந்த மாடல் பார்த்ததே இல்லை. பார்க்காததை வரையச் சொன்னால் கலங்கலாக ஏதோ வரும். இல்லையென்றால் தலை திரும்பியும் முகம் திரும்பாத மாதிரி, கன்னத்தில் இரண்டு கண்ணும் எட்டிப் பார்க்கும்.

தலை திரும்பும்போது எங்கே உடையும்?

ஒரு கற்பனைச் சூழலை எடுத்துக்கொள்வோம். உங்கள் மேனேஜரின் இருபது படங்கள் இணையத்தில் இருக்கின்றன, எல்லாமே நேர்முகம். அவற்றை வைத்து இன்னொருவர் உங்களுக்கு வீடியோ கால் செய்கிறார். கண்ணாடி ஃபிரேம், காதுக்குப் போகும் கம்பி எல்லாம் நடிக்கிறவருடையவை.

நேராகப் பார்க்கும்வரை எல்லாம் ஓகே. 30 டிகிரி வரை திரும்பினாலும் பெரிய பிரச்சினை இல்லை. தூரத்துக் காது மறைகிறது, அந்தப் பக்கக் கன்னம் ஒடுங்குகிறது, அவ்வளவுதான். செல்ஃபிகளில் இந்தக் கோணம் இருப்பதால் மாடலுக்கும் ஓரளவு பழக்கம்.

45-லிருந்து 60 டிகிரிக்குள் சிக்கல் ஆரம்பிக்கிறது. தூரத்துக் கண்ணின் உள் ஓரம் மூக்குத் தண்டுக்குப் பின்னால் மறைகிறது. ஆனால் மென்பொருள் அந்தப் புள்ளியை எங்காவது வைத்தாக வேண்டும், ஊகித்து வைக்கிறது. ஊகம் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் லேசாக மாறும். தலை அசையாமல் இருக்கும்போதும் அந்தக் கண்ணோ புருவமோ நடுங்குவது போலத் தெரிய இதுதான் காரணம். கண்ணாடியின் கம்பியைக் கவனியுங்கள். லென்ஸ் இருக்கும் பகுதி புதிதாக வரையப்பட்டது, காதுப் பக்கம் பழையது. இரண்டும் சேரும் இடத்தில் கம்பி வளையும், அல்லது அறுந்து தெரியும்.

60 டிகிரிக்கு மேல் நடப்பதுதான் முக்கியமானது. இதுவரை மூக்கு முகத்துக்கு உள்ளே இருந்தது. இப்போது அது முகத்தின் விளிம்பாகிவிட்டது. அதற்குப் பின்னால் சுவர் தெரிகிறது. நடிக்கிறவருக்கு நீள மூக்கு, மேனேஜருக்குச் சப்பை மூக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீள மூக்கின் நுனியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் சுவரை வரைய வேண்டும். முகத்தை ஒட்டுவதற்காகச் செய்த மென்பொருளுக்கு அந்த வேலை சரியாக வராது. அதனால் பழைய மூக்கு நுனி அப்படியே துருத்திக்கொண்டு நிற்கும், அல்லது மூக்கைச் சுற்றிப் புகை படிந்த மாதிரி ஒரு கலங்கல் தெரியும்.

முழுதாக 90 டிகிரி வந்தால் பாதிப் புள்ளிகளுக்கு இடமே இல்லை. சில நேரம் ‘இங்கே முகமே இல்லை’ என்று மென்பொருள் முடிவு செய்துவிடும். அந்த ஓரிரு ஃபிரேம்களுக்கு ஒட்டிய முகம் விலகி அசல் ஆள் தெரிவார். தலை நேராகத் திரும்பி வரும்போது போலி முகம் மறுபடி சட்டென்று ஒட்டிக்கொள்ளும். இந்தத் தாவலைத் திரும்பிப் போகும்போது தவறவிட்டாலும், திரும்பி வரும்போது பிடித்துவிடலாம்.

இந்தப் பக்கவாட்டுச் சோதனை 2022 ஆகஸ்டில் பரவலாகப் பேசப்பட்டது. மெட்டாஃபிசிக் என்ற ஏஐ நிறுவனத்தின் தளத்தில் மார்ட்டின் ஆண்டர்சன் எழுதிய கட்டுரைதான் அதற்குக் காரணம். நேரலையில் முகம் மாற்றும் `DeepFaceLive` மென்பொருளை வைத்துச் செய்த சோதனைகள் அதில் இருந்தன.

எப்படிக் கேட்பது?

‘சார், நீங்க நிஜமாவே நீங்கதானா?’ என்று மேனேஜரிடம் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். பண விஷயம் என்றால் ஒளிவுமறைவில்லாமல் கேட்பதே நல்லது: ‘சார், தப்பா நினைச்சுக்காதீங்க, இவ்வளவு பெரிய தொகைன்னா ஒருமுறை செக் பண்ணிடுறேன். கொஞ்சம் லெஃப்ட்ல முழுசா திரும்புங்க.’ நிஜ மேனேஜர் கோபித்துக்கொண்டாலும் அடுத்த நாள் பாராட்டுவார்.

லேசாகத் திரும்பினால் போதாது. ஒரு காது மட்டும் தெரியும்வரை மெதுவாகத் திரும்பி, இரண்டு மூன்று விநாடி நின்று, அதேபோல மெதுவாகத் திரும்பி வர வேண்டும். பிறகு மறுபக்கம். வேகமாகத் தலையை ஆட்டினால் அசைவின் மங்கலிலேயே குறைகள் மறைந்துவிடும். ‘கேமரா சரியில்லை’, ‘சிக்னல் போகுது’ என்று மழுப்பினால் அங்கேயே காலைக் கட் செய்யுங்கள்.

உண்மையிலேயே நெட்வொர்க் மோசமாக இருந்தால்? அப்போது சுவர், சட்டை, முகம் எல்லாமே கட்டம் கட்டமாக உடையும். போலி முகத்தின் கோளாறு முகத்துக்குள்ளும் அதன் விளிம்பிலும் மட்டும் இருக்கும்; சுவர் தெளிவாகவே இருக்கும். தலை திரும்பினால் கோளாறு வரும், நேரானால் போய்விடும். நெட்வொர்க்குக்குக் கோணம் தெரியாது.

பாஸாகிவிட்டால் அசல் என்று அர்த்தமா?

இல்லை. பக்கவாட்டுப் படம் நிறைய கிடைக்கும் ஆட்களிடம் இந்தச் சோதனை பலவீனமானது. 2024-ல் வந்த ‘தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’ படத்தில் மறைந்த விஜயகாந்தின் முகத்தை ஏஐ மூலம் கொண்டுவந்தார்கள். அவரைப் போன்ற ஒரு நடிகரின் முகம் எல்லாக் கோணத்திலும் திரையில் பதிவாகியிருக்கிறது. சினிமாக்காரர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஓரமாகக் கேமரா வைத்து எடுத்த செமினார் வீடியோ, பாட்காஸ்ட், யூடியூபில் போட்ட கல்யாண வீடியோ, எல்லாமே பக்கவாட்டு முகத்தின் சுரங்கம்தான். கல்யாண மேடையில் மாப்பிள்ளை-பெண் மாலை மாற்றும்போது கேமரா எங்கே நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கம், ஏராளமான தலைகளை எல்லாக் கோணத்திலும் பார்த்துப் பழகிய புதிய மாடல்கள், ஒரே நேர்முகப் படத்திலிருந்து நம்பும்படியான பக்கவாட்டை வரைந்துவிடுகின்றன. நடுக்கம் இல்லை, புகை இல்லை. ஆனால் அது அந்த நபரின் நிஜ மூக்கு அல்ல. அப்படிப்பட்ட முகத்துக்குப் பொருந்தக்கூடிய ஒரு மூக்கு, அவ்வளவே. கூடவே வளர்ந்த தம்பி பார்த்தால் ‘அண்ணன் மாதிரி இல்லையே’ என்பான். மாதத்துக்கு ஒருமுறை ஜூமில் மட்டும் மேனேஜரைப் பார்க்கும் உங்களுக்குத் தெரியாது.

ஆகவே இந்தச் சோதனையில் முகம் உடைந்தால் மோசடி என்று எடுத்துக்கொள்ளலாம். உடையாவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை. பணம், ஓடிபி, பாஸ்வேர்டு என்று எதைக் கேட்டாலும், காலைக் கட் செய்துவிட்டு உங்கள் போனில் ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் நம்பருக்கு நீங்களே அழையுங்கள். கோழிக்கோட்டிலும் உண்மை வெளிவந்தது அந்தப் பழைய நம்பர் வழியாகத்தான். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். காலின் ஸ்கிரீன் ரெக்கார்டிங் இருந்தால் அழிக்க வேண்டாம்; நேரில் கண்ணுக்குத் தப்பிய அந்த ஓரிரு ஃபிரேம்கள், மெதுவாக ஓட்டிப் பார்த்தால் அதில் கிடைக்கலாம்.