பசிவலி எதைச் சொல்கிறது?

மேல்வயிற்றில் எரிச்சலும் வலியும் விட்டுவிட்டு வருகிறது என்று ஒருவர் சொன்னால், "சாப்பிட்டால் குறைகிறதா, கூடுகிறதா?" என்று கேட்பது மருத்துவர்களின் பழைய வழக்கம். குறைந்தால் முன்சிறுகுடல் புண், கூடினால் இரைப்பைப் புண் என்பது வாய்பாடு. இதைப் பரவலாக்கியவர்களில் முதன்மையானவர் லீட்ஸ் நகர அறுவை மருத்துவர் பெர்க்லி மொய்னிஹன். உண்டபின் சில மணி நேரம் கழித்துத் தொடங்கி, மறுபடி எதையாவது உண்டதும் அடங்கும் வலியை அவர் 'பசிவலி' என்றார்; 1910-ல் முன்சிறுகுடல் புண் பற்றித் தனி நூலே எழுதினார்.

அவர் கண்டது உண்மை. உணவு சிறிது நேரம் அமிலத்தின் வீரியத்தைத் தணிக்கிறது. இரைப்பை காலியானதும் அமிலம் புண்ணைத் தாக்குகிறது. நள்ளிரவை ஒட்டி அமிலச் சுரப்பு உயர்வதால் பலருக்கு ஒரு மணி, இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. ஆனால் அவர் எண்ணியது கத்தி வைத்துப் பார்த்த வயிறுகளை. அதே பசிவலி இருந்தும் புண் இல்லாதவர்கள் அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. எண்டோஸ்கோபி வந்தபின் அவர்கள் திரளாகத் தெரிந்தார்கள். புண்ணோ வேறு மாற்றமோ கண்ணுக்குத் தெரியாத செயல்சார் அஜீரணத்திலும் இதே வலி உண்டு. 2006-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மொய்யேதி குழுவினர், நோய் வரலாற்றை மட்டும் கொண்டு இவ்விரண்டையும் போதிய அளவு பிரித்தறிய முடியாது என்றே முடிவுக்கு வந்தனர்.

'கேஸ்ட்ரைட்டிஸ்' என்ற சொல் குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது. அது திசுவில் காணப்படும் அழற்சியின் பெயர், வலியின் பெயரல்ல. அழற்சி இருந்தும் வலியே அறியாதவர்கள் ஏராளம். ஆகவே அதற்கென்று உணவு நேரக் கணக்கு எதுவும் கிடையாது.

நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். காலை எட்டுக்கு இட்லி, பதினொன்றுக்கு எரிச்சல், பால் குடித்தால் அடங்குகிறது, இரவு இரண்டுக்கு விழிப்பு. வாய்பாட்டின்படி முன்சிறுகுடல் புண். எனக்கோ அவர் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் விழுங்குகிறாரா என்பது கடிகாரத்தைவிடப் பெரிய தடயம். அடுத்தது ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கான மூச்சுச் சோதனை. அதற்கு இரண்டு வாரம் முன்பே ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகளை நிறுத்த வேண்டும்; இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடலாம்.

கடிகாரம் பயன்படும் இடங்களும் உண்டு. கொழுப்புணவுக்குப் பின் வலப்பக்க மேல்வயிற்றில் பிடித்து, அரை மணிக்கு மேல் விடாமல் நின்று, வலது தோள்பட்டைக்கு ஏறும் வலி பித்தப்பைக் கல்லை நினைவூட்டும். குனிந்தாலும் படுத்தாலும் நெஞ்சுக்கு ஏறும் எரிச்சல் உணவுக்குழாயைச் சுட்டும்.

எல்லாவற்றையும்விட நான் கவனிப்பது ஒழுங்கு குலைவதைத்தான். பல காலம் பாலுக்கு அடங்கிய வலி திடீரென அடங்காமல், நாள் முழுதும் நின்று முதுகுக்குப் பாய்ந்தால், புண் ஆழமாகிக் கணையத்தைத் தொட்டிருக்கலாம். அப்போது மாத்திரையை மாற்றிப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புவேன்.