வெயில் காலத்தில் ஓட்டப் பயிற்சி: உகந்த நேரமும் பாதுகாப்பும்

புற ஊதாக் கதிரும் வெப்பமும் ஒரே நேரத்தில் உச்சமடைவதில்லை. கதிர்வீச்சு நண்பகலில் மிகுதி. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குறுகியிருக்கும்வரை அது கடுமையாகவே இருக்கும். வெப்பமோ பிற்பகலில் உச்சமடைகிறது. மே மாதத்தில் மாலை 5 மணிக்கு நிழல் நீண்டிருந்தாலும் தார்ச்சாலை தணிந்திருக்காது. ஆகவே, காலை 7 மணிக்குள் ஓட்டத்தை முடிப்பதே நன்று. அதன் பின்னும் ஓடுவோர் தொப்பி அணிந்து, எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீனை 20 நிமிடங்கள் முன்னதாகப் பூச வேண்டும். அது தோலைக் காக்குமேயன்றி, வெப்பத் தாக்கத்தைத் தடுக்காது. இரத்த அழுத்தத்திற்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை உட்கொள்வோர், மருத்துவரைக் கேட்ட பின்னரே கோடையில் ஓட வேண்டும்.

ஓடுபவருக்குப் பேச்சுக் குழறினாலோ நடை தடுமாறினாலோ, வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும் வெப்பத் தாக்கமாகவே கருதுங்கள். நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீரூற்றி விசிறியவாறே 108-ஐ அழையுங்கள். நினைவு தெளியாதவருக்கு நீர் புகட்டாதீர்கள்.