போதிதர்மர் எப்போது காஞ்சிக்காரர் ஆனார்?

'ஏழாம் அறிவு' படம் 2011இல் வந்த பிறகு போதிதர்மர் பல்லவ இளவரசர் என்பதில் நம்மூரில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அவரைப் பற்றிய சீன நூல்களை, எழுதப்பட்ட காலவரிசைப்படி படித்துக்கொண்டு போனால், இளவரசர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உருவாகிறார்.

முதல் குறிப்பு 547இல் யாங் சுவான்ஷி என்ற அதிகாரி எழுதிய லோயாங் நகரத்துப் பௌத்தப் பள்ளிகள் பற்றிய நூலில் இருக்கிறது. அங்கே அவர் பாரசீகத்திலிருந்து வந்த முதியவர். தமக்கு 150 வயது என்கிறார். யோங்நிங் பள்ளியின் ஒன்பது நிலை மரக்கோபுரத்தைப் பார்த்து மலைத்துப்போய், பல நாள் கைகூப்பி 'நமோ' என்று சொல்லிக்கொண்டே நிற்கிறார். அவ்வளவுதான். தியானமும் இல்லை, சீடரும் இல்லை. அந்தக் கோபுரம் 516இல் எழுந்து 534இல் எரிந்துபோனது என்பதால் அவர் அங்கே நின்ற காலத்தை மட்டும் ஓரளவு குறிக்க முடிகிறது.

அவருடைய போதனையாக வழங்கும் சிறுநூலுக்கு முன்னுரை எழுதிய தான்லின்தான் அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் ஆக்குகிறார். 645 வாக்கில் துறவியர் வரலாறு எழுதிய தாவோசுவான், அவர் தென்னிந்தியப் பிராமணர் என்றும் லியூ சோங் அரசின் ஆட்சிக்குட்பட்ட தென்கரையில் வந்திறங்கினார் என்றும் சொல்கிறார். அந்த அரசு 479இல் முடிந்துவிட்டதால் வருகை அதற்கு முந்தியதாக வேண்டும். பாரசீகமா தென்னிந்தியாவா என்றால், என் சாய்வு தென்னிந்தியாவின் பக்கம்தான்: தான்லின் அந்தச் சீடர் வட்டத்துக்குள் இருந்தவர், யாங் வெளியிலிருந்து பார்த்தவர்.

கதை எப்படி வளர்ந்தது என்பதற்கு ஹுய்கேயின் கை ஒன்றே போதும். தாவோசுவான் எழுதியபடி, போதிதர்மரின் சீடரான ஹுய்கேயின் கையை வெட்டியவர்கள் கொள்ளையர்கள். சுமார் 713இல் தூ ஃபெய் எழுதிய நூலில், போதனை கேட்பதற்காக ஹுய்கேயே தன் கையை வெட்டிக்கொள்கிறார். எழுபதே ஆண்டுகளுக்குள் ஒரு தாக்குதல் தியாகமாகிவிட்டது. 'சுவர்த் தியானம்' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். தான்லினிடம் அது சுவரைப் போல அசையாத மனம் என்று பொருள்படக்கூடியது. பின்னால் அது ஒன்பது ஆண்டு குகைச்சுவரைப் பார்த்து உட்கார்ந்த கதையானது.

இடையில் என்ன நடந்தது? மத்திய சீனத்தில் ஹுவாங்மெய் மலையில் ஹோங்ரென் (601–674) நடத்திய தியானக் குழுவின் சீடர்கள் தலைநகரங்களுக்குப் பரவினார்கள். அவர்களில் ஷென்சியூவை 701இல் பேரரசி வூ அரண்மனைக்கே வரவழைத்தார். அரச மதிப்பு கிடைத்ததும், 'உங்கள் குரு யார், அவருக்குக் குரு யார்' என்ற கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது. 689இல் இறந்த ஃபாரு என்ற துறவியின் கல்வெட்டில்தான் போதிதர்மரில் தொடங்கும் குருவரிசை முதன்முதலாகத் தெரிகிறது. ஃபாரு கடைசியாக வாழ்ந்த இடம் ஷாவோலின் பள்ளி. பின்னாளைய கதையில் போதிதர்மரும் அந்தப் பள்ளிக்கே வந்து சேர்ந்ததில் எனக்கு வியப்பில்லை.

732இல் ஷென்ஹுய் என்ற துறவி, அந்தக் குருவரிசையில் ஷென்சியூவுக்கு இருந்த உரிமையை மறுத்து வாதாடினார். புத்தர் வரை வரிசையை நீட்ட அவர் கையாண்ட வழி விசித்திரமானது. பழைய தியான நூல் ஒன்றின் முன்னுரையில் தர்மத்ராதர் என்ற இந்திய ஆசிரியரின் பெயர் இருந்தது. அவரையும் போதிதர்மரையும் ஒருவராகவே கொண்டு, அந்த நூலிலிருந்த பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். அதனால் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டை எட்டுப் பேர் நிரப்ப வேண்டியதாயிற்று. எதிராளிகள் சிரிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். 801இல் தொகுக்கப்பட்ட பாவோலின் நூலில் அந்த எண்ணிக்கை 28 ஆகத் திருத்தப்பட்டு நிலைத்துவிட்டது.

அவர் பிறந்த நாட்டின் பெயராக 1004ஆம் ஆண்டு விளக்குமரபு நூல் தருவது 'சியாங்ஷி'. இதையே காஞ்சி என்று இக்காலத்தவர் படிக்கிறார்கள். ஒலி சற்று நெருங்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் 640 வாக்கில் காஞ்சிக்கு வந்த சுவான்சாங் அதை 'ஜியான்ஷிபுலோ' என்று வேறு எழுத்துகளால் குறிக்கிறார். காஞ்சி என்பது நல்ல ஊகம், சான்று அல்ல.

அப்படியானால் அவர் மதுரையிலிருந்து வந்திருக்கலாமா? மதுரைக்காஞ்சி நகரத்தில் பௌத்தப் பள்ளியைக் காட்டுகிறது. மணிமேகலை பாடிய சாத்தனார் மதுரைக் கூலவாணிகர். ஆனால் பாண்டிய நாடு என்று பெரும்பாலோர் கொள்ளும் மலகூடத்தில் பழைய பள்ளிகள் இடிந்து கிடப்பதாகவும் துறவிகள் சிலரே எஞ்சியிருப்பதாகவும் சுவான்சாங் எழுதினார். ஆனைமலையிலும் கீழக்குயில்குடியிலும் நாம் இன்று காண்பவை சமணச் சின்னங்கள்.